முதல் மூன்று நாட்கள்: புதுப்பட விளம்பரத்தையும் விமர்சனத்தையும் புத்தளக் கரையிலிருந்து வாசித்தல்

1. கேள்வி

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. இலங்கையில் நாடாளுமன்றத் தேர்தல் நாள். மறுநாள் போயா விடுமுறை. அதையடுத்துச் சனியும் ஞாயிறும். புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், கற்பிட்டியிலோ முந்தலிலோ உடப்பிலோ வாழும் ஒரு குடும்பத்துக்கு இப்படித் தொடர்ந்து சில ஓய்வு நாட்கள் கிடைப்பது அரிது. அதே வியாழக்கிழமைதான் சூர்யா நடித்து, சிவா இயக்கி, ஸ்டூடியோ கிரீன் நிறுவனத்தின் கே.ஈ. ஞானவேல்ராஜா தயாரித்த 'கங்குவா' வெளியானது.

கரையோரத்துக் குடும்பம் புதுப்படத்தை முதல் வாரத்திலேயே நல்ல திரையரங்கில் பார்க்க விரும்பினால், பெரும்பாலும் தெற்கே நீர்கொழும்புக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். கற்பிட்டியிலிருந்து கொழும்பு போய்ச் சேரவே நான்கு மணிநேரம் ஆகிவிடும். பேருந்துக் கட்டணம், டிக்கெட், வெளிச்சாப்பாடு, கடலுக்கோ களப்புக்கோ போகாமல் விட்ட ஒரு நாளின் வருமானம் என்று எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் படத்தின் விலை. சென்னையில் அடுத்த தெருவில் திரையரங்கு இருப்பவருக்குப் படம் சரியில்லாவிட்டால் ஒரு மாலைப்பொழுதுதான் போகும். இங்கே அந்த மாதத்துச் செலவுக் கணக்கே மாறிவிடும். ஆகவே, கைபேசியில் ரீலோட் போட்டுப் பார்க்கும் டிரெய்லரும் ரீல்ஸும் 'பப்ளிக் ரிவ்யூ'வும் இவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. பயணத்தைத் தீர்மானிக்க இவர்களிடம் இருக்கும் சாட்சியங்களும் அவையே.

அவற்றில் எது படத்தைப் பற்றி நமக்கு எதையேனும் சொல்கிறது, எது படத்தை விற்க மட்டும் வந்தது, இரண்டையும் எந்த அடையாளத்தால் பிரித்தறிவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 'யார் காசு வாங்கினார்' என்று துப்பறிவதைவிட, 'பேசும் நேரத்தில் இவருக்கு என்ன தெரிந்திருக்க முடியும்', 'இதைச் சொல்வதால் இவருக்கு லாபமா நட்டமா' என்ற இரண்டு கேள்விகளே பார்வையாளருக்குக் கூடுதலாகப் பயன்படும் என்பது என் வாதம்.

2. விளம்பரமும் விமர்சனமும் பிரிந்திருந்த காலம்

இந்தக் கரைக்குச் சினிமா விளம்பரம் புதிதன்று. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் கே.எஸ். ராஜா வழங்கிய 'திரைவிருந்து' புதுப்படங்களைப் பற்றிப் பேசியே ஒரு தலைமுறையைத் திரையரங்குக்கு அனுப்பியது. அவருடைய விரைந்த குரலும் படத்தின் வசனத்தை வெட்டிச் சேர்க்கும் விதமும் தனிக் கலையாகவே ரசிக்கப்பட்டன. அது படத்தை விற்கும் நிகழ்ச்சி என்பது கேட்டவர் எல்லோருக்கும் தெரியும். வர்த்தக சேவை என்ற பெயரிலேயே அந்த அறிவிப்பு இருந்தது. விளம்பரத்தை விளம்பரமென்று தெரிந்துகொண்டே ரசிப்பதில் ஏமாற்றம் எதுவும் இல்லை.

விமர்சனம் வேறொரு வாசல் வழியாக வந்தது. ஆனந்த விகடன் நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் என்று வழங்கும் வழக்கம் பலருக்கும் நினைவிருக்கும். 1977இல் வெளியான '16 வயதினிலே' படத்துக்கு அது கொடுத்த 62.5 இன்றும் பேசப்படுகிறது. அந்த எண்ணோடு உடன்படுவதும் மறுப்பதும் வாசகர் விருப்பம். ஆனால் அது வார இதழில், படம் வெளியான பிறகு, முழுவதும் பார்த்தவர்களின் மதிப்பீடாக வந்தது. வாசகர் கைக்கு அது வந்து சேர்வதற்குள் முதல் நாள் ஆரவாரமும் அடங்கியிருக்கும்.

இன்று இரண்டும் ஒரே திரையில், ஒரே வடிவத்தில், பல வேளை ஒரே முகத்தின் வழியாக வருகின்றன. திங்களன்று நாயகனை நேர்காணல் செய்தவர் வெள்ளியன்று அதே நாற்காலியில் அமர்ந்து அந்தப் படத்தை விமர்சிக்கிறார். சிக்கலின் வேர் இந்தக் கலப்பில் இருப்பதாக நான் கருதுகிறேன்.

3. தயாரிப்பாளர் தரப்பும் நீதிமன்றமும்

இதுவரை நடந்த பொது விவாதம் பார்வையாளர் ஏமாறுவதைப் பற்றியதாக இல்லை. தயாரிப்பாளர் நட்டப்படுவதைப் பற்றியதாகவே இருந்தது. 'கங்குவா' வெளியாகி ஒரு வாரம் ஆவதற்குள், தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் நாள் முதல் காட்சியின்போது திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை அனுமதிக்கக்கூடாது என்று அது கோரியது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய மூன்றையும் அத்தகைய காணொளிகள் பாதித்ததாகவும் கூறியது. அடுத்து, நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், வெளியீட்டிலிருந்து மூன்று நாட்களுக்கு விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று கேட்டது. 2024 டிசம்பரில் நீதிபதி எஸ். சௌந்தர் இடைக்காலத் தடை விதிக்க மறுத்து, அரசுக்கும் யூடியூபுக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டார். கருத்துச் சுதந்திரம் அந்த மறுப்பின் அடிப்படையாக இருந்தது. 2025இல் மனுவும் தள்ளுபடியானது.

கேரளத்தில் இந்த விவாதம் ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டது. 2023 அக்டோபரில் 'ராஹேல் மகன் கோரா' என்ற மலையாளப் படத்தின் இயக்குநர் தந்த புகாரில், திட்டமிட்ட அவதூறு விமர்சனம் தொடர்பாகக் கொச்சியில் காவல்துறை வழக்குப் பதிந்தது. கேரள உயர் நீதிமன்றம் நியமித்த நீதிமன்ற நண்பர் சியாம் பத்மன், முதல் 48 மணிநேரம் விமர்சனத்தைத் தவிர்ப்பது நல்லது என்று 2024இல் பரிந்துரைத்தார்.

காசு வாங்கிப் புகழ்பவர்கள் இருப்பதுபோல, காசு கிடைக்காததால் இகழ்பவர்களும், காசு வாங்கிக்கொண்டே இகழ்பவர்களும் இருக்கக்கூடும் என்ற அச்சத்தை இந்த வழக்குகள் பதிவுசெய்திருக்கின்றன. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தயாரிப்பாளர் தரப்பின் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. அதே 2024 செப்டம்பரில், பெரிய விளம்பரப் பலம் இல்லாமல் வந்த 'லப்பர் பந்து', பார்த்தவர்கள் வாய்வழியாகவும் காணொளி வழியாகவும் சொன்ன நல்ல வார்த்தையால்தான் கூட்டத்தைக் கூட்டியது. அத்தகைய காணொளிகள் அந்தப் படத்தை வாழவைத்தபோது யாரும் மூன்று நாள் தடை கேட்கவில்லை.

எனக்குச் சென்னை மனுவில் முக்கியமாகப் படுவது அந்த மூன்று நாள் என்ற கணக்கு. ஒரு பெரிய படம் வசூலில் பெரும்பங்கை எங்கே எதிர்பார்க்கிறது என்பதைத் தயாரிப்பாளர்களே அதில் சொல்லிவிடுகிறார்கள். விளம்பரச் செலவு முழுவதும், படத்தைப் பற்றிய உண்மை பரவுவதற்கு முன்பே டிக்கெட்டை விற்றுவிடுவதற்காகச் செய்யப்படுகிறது. புகழ்ச்சி எவ்வளவு அவசரப்படுத்துகிறதோ, அவ்வளவு கவனத்தோடு அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

4. பணம் தெரியும் இடமும் தெரியாத இடமும்

யூடியூபில் பணம் பெற்ற காணொளி ஒன்றை ஏற்றுபவர், அதற்கென இருக்கும் கட்டத்தில் குறியிட வேண்டும். குறியிட்டால் காணொளியின் தொடக்கத்தில் `Includes paid promotion` என்ற வரி சுமார் பத்து விநாடி மூலையில் தோன்றி மறையும். அந்த வரி இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் அது இல்லை என்பதை வைத்துப் பணம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. குறியிடுவது ஏற்றுபவரின் சொந்த அறிவிப்பு. அந்தப் பத்து விநாடியைத் தாண்டி இடையிலிருந்து பார்ப்பவருக்கு அது கண்ணில் படவும் படாது.

இந்திய நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி இதைவிடக் கடுமையானது. காசு மட்டுமன்றி இலவசப் பொருள், பயணம், தங்குமிடம், தள்ளுபடி எல்லாமே வெளிப்படுத்த வேண்டிய தொடர்புகள் என்கிறது. காணொளி என்றால் கீழே உள்ள குறிப்பில் புதைக்காமல், ஒலியிலும் காட்சியிலும், பேசும் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்கிறது. புத்தளத்தில் பார்க்கப்படும் தமிழ்த் திரை விமர்சனங்களில் பெரும்பகுதி சென்னையிலிருந்து வருவதால் இந்த அளவுகோல் நமக்கும் உதவும். முழுக்கத் தமிழில் பேசிவிட்டு, குறிப்பின் கடைசியில் ஆங்கிலத்தில் `#ad` என்று மட்டும் எழுதியவர் அந்த வழிகாட்டியின்படி சரியாக அறிவித்தவராக மாட்டார். இலங்கைச் சட்டத்தில், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வணிகத்தில் தவறாக வழிநடத்தும் நடத்தையைப் பொதுவாகத் தடைசெய்கிறது.

சட்டம் பிடிக்க முடியாத உறவுகளும் உண்டு. நடிகரின் நேர்காணலை நம்பி வாழும் சேனலுக்குப் படத்தின் பி.ஆர்.ஓ.வைப் பகைத்துக்கொள்ள முடியாது. இன்று கடுமையாகப் பேசினால் அடுத்த நேர்காணல் கிடைக்காது. அங்கே பணம் கைமாறியிருக்க வேண்டிய அவசியமில்லை. வாசலை மூடிவிடுவார்கள் என்ற அச்சமே போதும். இதை அறிய ஒரு வழி உண்டு. அந்தச் சேனலின் பக்கத்துக்குப் போய், கடந்த ஆறு மாதத்தில் பெரிய நடிகர்களின் எந்தப் படத்தையாவது அவர்கள் 'நன்றாக இல்லை' என்று காரணத்தோடு சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால், அவர்கள் இந்தப் படத்தைப் புகழ்வதிலிருந்து நமக்குத் தெரியவருவது எதுவுமில்லை. மாறாக, எல்லாப் பெரிய படத்தையும் திட்டியே பார்வை சேர்க்கும் சேனல் இந்தப் படத்தையும் திட்டினால், அதிலும் செய்தி இல்லை. எப்போதும் ஒரே பக்கம் சாயும் தராசில் எதை வைத்தாலும் எடை தெரியாது.

திரையரங்க வாசல் காணொளிகளுக்கும் இந்தத் தர்க்கம் பொருந்தும். வாசலில் இருபது பேரிடம் ஒலிவாங்கியை நீட்டி, ஆறு பேரை வெட்டிச் சேர்க்கும்போது, அந்த ஆறு பேரைத் தேர்ந்தவர் படத்தொகுப்பாளர். அதிகாலையிலேயே வந்து மேளம் அடிப்பவர்கள் ரசிகர் மன்றத்தினர். அவர்களுடைய மகிழ்ச்சி உண்மையானதுதான். ஆனால் அது பெரும்பாலும் படத்துக்கு முன்பே தொடங்கிவிட்ட மகிழ்ச்சி.

5. தம்ப்நெயில் யாரைப் பற்றிப் பேசுகிறது

தம்ப்நெயில் காணொளியிலிருந்து எடுத்த காட்சியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதைத் தனியே வடிவமைத்து ஏற்றலாம். காணொளி வெளியான பிறகும் மாற்றலாம். ஒரே காணொளிக்கு மூன்று தம்ப்நெயில் வரை கொடுத்து, பார்வையாளர்களைப் பிரித்துக் காட்டி, எது அதிக நேரம் பார்க்க வைக்கிறதோ அதை நிலைநிறுத்தும் வசதியையும் யூடியூப் தருகிறது. அழும் நடிகர் முகம், சிவப்பு வட்டம், 'தியேட்டரில் நடந்த அதிர்ச்சி' என்ற எழுத்து ஆகியவை இத்தகைய போட்டியில் வென்று மிஞ்சியவை. உள்ளே சொல்லப்படும் தீர்ப்புக்கும் அவற்றுக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

நெட்ஃபிளிக்ஸ் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. ஒரே படத்துக்கு ஆளுக்கு ஆள் வெவ்வேறு முகப்புப் படத்தைக் காட்டுவதை 2017 டிசம்பரில் அந்நிறுவனமே விளக்கி எழுதியது. 'குட் வில் ஹண்டிங்' படம் காதல் கதைகளைப் பார்ப்பவருக்குக் காதலர்கள் இருவரின் முகத்தோடும், நகைச்சுவை பார்ப்பவருக்கு ராபின் வில்லியம்ஸின் முகத்தோடும் தோன்றும் என்பது அவர்கள் தந்த எடுத்துக்காட்டு. மறு ஆண்டு, சிறு வேடத்தில் வந்த கறுப்பின நடிகர்களை முகப்பில் பெரிதாகக் காட்டி எங்களை ஏமாற்றுகிறார்கள் என்று அமெரிக்கக் கறுப்பினப் பார்வையாளர் சிலர் குற்றஞ்சாட்டினார்கள். ஒருவரது நிறத்தைக் கேட்டு அப்படிச் செய்வதில்லை, பார்த்த வரலாற்றை மட்டுமே கணக்கில் எடுக்கிறோம் என்றது நிறுவனம்.

ஆக, முகப்புப் படம் படத்தைப் பற்றிச் சொல்வதைவிட, பார்ப்பவரான உங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. நீங்கள் எதற்கு விரல் வைப்பீர்கள் என்ற ஊகம் அது. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் இரண்டு பேர் தனித்தனிக் கணக்கில் ஒரே படத்தின் பெயரைத் தேடிப் பார்த்தால், முகப்பு மாறியிருப்பதைச் சில வேளை நேரிலேயே காணலாம்.

தமிழில் இதன் பொதுவான வடிவம் கௌரவ வேடம். சில நிமிடம் வரும் நட்சத்திரத்தை முகப்பில் நாயகனுக்கு இணையாக நிறுத்துவது. இதை வைத்துப் படம் மோசமென்று முடிவெடுக்கவும் கூடாது. 2022இல் 'விக்ரம்' படத்தின் இறுதியில் சூர்யா வரும் நேரம் மிகக் குறைவு. ஆனாலும் அந்தப் படம் பெரும் வரவேற்பைப் பெற்றது. முகப்பிலுள்ள முகம் கதையில் எவ்வளவு நேரம் வருகிறது என்று நடிகர் பட்டியலில் தேடினால் போதும். 'சிறப்புத் தோற்றம்' என்றிருந்தால், அந்த நடிகருக்காகவே பயணம் போகத் திட்டமிட்டவர் தன் முடிவை மறுபடி யோசிக்கலாம்.

6. 'கங்குவா': நான்கு நாளின் கணக்கு

இனி, அந்த விடுமுறை நாட்களுக்குத் திரும்புவோம். வியாழன் காலை வாக்களித்துவிட்டு, வெள்ளியன்று படத்துக்குப் புறப்படலாமா, ஞாயிறு வரை பொறுக்கலாமா என்று யோசிக்கும் ஒரு குடும்பத்தின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கலாம்.

வெளியீட்டுக்கு முன்பு அவர்களுக்குத் தெரிந்தது என்ன? 'கங்குவா' இரண்டாயிரம் கோடி ரூபாய் வசூலிக்கும் என்று தயாரிப்பாளர் நேர்காணலில் நம்பிக்கை தெரிவித்திருந்தார். டிரெய்லரின் பிரம்மாண்டம் எல்லோரும் பார்த்ததுதான். படக்குழுவினர் ஊர் ஊராகச் சென்று பேசினார்கள். இவற்றில் எதுவும் பொய்யென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொன்னவர்கள் எல்லோரும் படம் ஓடினால் பயனடைபவர்கள். சொன்னவை எல்லாம் எதிர்காலம் பற்றிய ஊகங்கள் அல்லது அளவு பற்றிய விவரங்கள். கதை பிடிக்குமா, இரண்டரை மணிநேரம் பொறுமையோடு உட்கார முடியுமா என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை. வசூலும் அந்த இரண்டாயிரம் கோடியின் அருகில்கூடப் போகவில்லை.

வியாழன் காலை முதல் விமர்சனங்கள் வரத் தொடங்கின. இங்கே கடிகாரம் உதவுகிறது. தமிழ்நாட்டில் முதல் காட்சிக்கு அனுமதி காலை 9 மணிக்கு. படத்தின் நீளம் 154 நிமிடம். இடைவேளையைச் சேர்த்தால் முதல் காட்சி முடிய ஏறக்குறைய பதினொன்றே முக்காலைத் தாண்டும். இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே என்பதால் நமக்கு மாற்றிக் கணக்கிடும் வேலையும் இல்லை. சென்னைத் திரையரங்கிலிருந்து 'முழு விமர்சனம்' என்று பத்தரை மணிக்கே ஏற்றப்பட்ட காணொளி, புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும், முழுப் படத்தைப் பார்த்துப் பேசியிருக்க முடியாது. பிற மாநிலங்களில் அதிகாலைக் காட்சி இருந்ததையும், வெளிநாட்டு முன்காட்சி இருந்திருக்கக்கூடியதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எனவே, பேசுபவர் எங்கே, எந்தக் காட்சியைப் பார்த்தார் என்று தானே சொல்கிறாரா என்பது அடுத்த சோதனை. பார்த்தவருக்கு அதைச் சொல்வதில் தயக்கம் இருக்காது.

முதல் நாளே பலரும் சொன்ன குறை ஒலி. படம் காதைப் பிளக்கிறது, இரைச்சல் தாங்கவில்லை என்றார்கள். இந்த ஒரு குறையை எடுத்து, அது பின்னர் எப்படி நிறுவப்பட்டது என்று பார்ப்பது இக்கட்டுரைக்கு மிக முக்கியம். சில நாட்களுக்குள் மூன்று தரப்பினர் அதை உறுதிசெய்தார்கள். ஆஸ்கர் பெற்ற ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி, சக கலைஞர்களின் வேலை இப்படி உரத்த ஒலிக்காகக் குறை சொல்லப்படுவது வருத்தம் தருவதாகச் சமூக ஊடகத்தில் எழுதினார். தயாரிப்பாளரே, ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி திரையரங்குகளிடம் சொல்லியிருப்பதாகக் கூறினார். நவம்பர் 17, ஞாயிறன்று, நடிகை ஜோதிகா இன்ஸ்டாகிராமில் எழுதிய பதிவில், முதல் அரைமணி நேரம் சரியாக அமையவில்லை என்பதையும் ஒலி உறுத்துகிறது என்பதையும் ஒப்புக்கொண்டார். அதே பதிவில், முதல் காட்சி முடிவதற்கு முன்பே இவ்வளவு எதிர்மறை விமர்சனம் வந்தது எப்படி என்றும் கேட்டார்.

இந்த மூன்று சாட்சியங்களின் எடை ஒன்றல்ல. பூக்குட்டி துறை வல்லுநர். தயாரிப்பாளரும் நாயகனின் மனைவியும் படம் ஓடினால் மகிழ்பவர்கள். தமக்கு நட்டம் தரும் ஒன்றை இவர்களே ஒப்புக்கொள்ளும்போது அதை ஐயப்படக் காரணம் இல்லை. நீதிமன்றத்திலும் தனக்கெதிராகத் தானே சொல்லும் வாக்குமூலத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அதே ஜோதிகா 'திட்டமிட்ட எதிர்ப்பு' பற்றி எழுப்பிய ஐயம் அவர் தரப்புக்குச் சாதகமான கூற்று. அது பொய்யென்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு ஆதாரம் தேவை. மேலே சொன்ன கடிகாரக் கணக்கு அத்தகைய ஆதாரங்களில் ஒன்று. காட்சி முடியும் முன் வந்த விமர்சனங்களைப் பொறுத்தவரை அவரது கேள்வி நியாயமானது. காட்சி முடிந்த பின் வந்தவற்றுக்கு அது பொருந்தாது.

வெள்ளி காலையில் புறப்பட்ட குடும்பத்திடம் இருந்தவை ஊகங்களும் கூச்சலும். ஞாயிறு மாலைக்குள் அவர்களிடம் ஒரு குறிப்பான செய்தி இருந்திருக்கும்: தொடக்கம் சரியாக அமையவில்லை, ஒலி கடுமையானது, இதைப் படத்தின் சொந்த மனிதர்களே சொல்கிறார்கள். கைக்குழந்தையோடோ, காது சரியில்லாத முதியவரோடோ போகும் குடும்பத்துக்கு இந்த ஒரு செய்தியே தீர்மானமாகலாம். ஒலி பிரச்சினை இல்லாதவர், பிரம்மாண்டத்தை விரும்புபவர், அதைத் தெரிந்துகொண்டே போகலாம். 'பிளாக்பஸ்டர்', 'டிஸாஸ்டர்' என்ற இரண்டு சொற்களாலும் இந்த உதவியைச் செய்திருக்க முடியாது.

நல்ல விமர்சனத்தின் அடையாளம் இதுவே என்று நினைக்கிறேன். எந்த இடத்தில், எது, யாருக்கு ஒத்துவராது என்று அது குறிப்பாகச் சொல்கிறது. நீங்களும் பார்த்தால் சரிபார்க்கக்கூடிய கூற்றாக அது இருக்கிறது. காசுக்காகப் பேசும் காணொளி இப்படிச் சிக்கிக்கொள்ளாது. 'வேற லெவல்', 'தலைவன் கம்பேக்', 'குடும்பத்தோட பாருங்க' என்பவற்றைப் படம் பார்க்காமலே சொல்லலாம். ஒரு சோதனையாக, அந்தக் காணொளியில் படத்தின் பெயரை நீக்கிவிட்டு வேறொரு படத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பேச்சு அப்படியே பொருந்தினால், அது எந்தப் படத்தையும் பற்றியதல்ல.

7. வசூல் எண்கள்

முதல் நாள் வசூல் சுவரொட்டிக்கு மேலே சொன்ன இரண்டு கேள்விகளே போதும். 2023 அக்டோபரில் 'லியோ' முதல் நாளில் உலக அளவில் 148.5 கோடி ரூபாய் வசூலித்ததாகத் தயாரிப்பு நிறுவனம் அறிவித்தது. அது மொத்த வசூல். அதில் தயாரிப்பாளருக்கு, விநியோகஸ்தருக்கு, திரையரங்குக்கு எவ்வளவு என்பது வேறு கணக்கு. அந்நாட்களில் தமிழ்நாடு திரையரங்க உரிமையாளர் தரப்பில் பேசிய திருப்பூர் சுப்பிரமணியம், பங்குப் பிரிப்பில் தயாரிப்பாளர் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டதால் படம் தங்களுக்கு லாபகரமாக இல்லை என்றார். தயாரிப்பாளர் அதை மறுத்தார். இதில் யார் சரி என்பது புத்தளத்துப் பார்வையாளருக்குத் தேவையில்லாத வழக்கு. முதல் நாள் எண்ணிக்கை, படம் பார்ப்பதற்கு முன்பே டிக்கெட் வாங்கியவர்களின் எண்ணிக்கை. ஆர்வம் எவ்வளவு இருந்தது என்பதை அது சொல்லும். படம் எப்படி இருந்தது என்பதைத் திங்கட்கிழமைக் கூட்டம்தான் ஓரளவு சொல்லும்.

8. இந்த முறையின் எல்லைகள்

இந்தச் சோதனைகள் படத்தின் தரத்தை அளப்பவை அல்ல. பேச்சின் நம்பகத்தை அளப்பவை. இரண்டும் வேறு என்பதைக் காட்ட 2024இன் இரு படங்களை ஒப்பிடலாம். 'இந்தியன் 2' வெளியான சில நாட்களில், நீளம் பற்றிய குறைகளைத் தொடர்ந்து, 12 நிமிடம் வெட்டப்பட்டது. சி. பிரேம்குமாரின் 'மெய்யழகன்' படமும் வெளியான பிறகு சுமார் 18 நிமிடம் குறைக்கப்பட்டது. தன் படத்தைத் தானே வெட்டுவது, நான் மேலே சொன்ன வகையில், தனக்கெதிரான வாக்குமூலமே. நீளம் பற்றிய குறை உண்மை என்று அதிலிருந்து தெரியும். ஆனால் 'மெய்யழகன்' பின்னர் பலரின் மனத்துக்கு நெருங்கிய படமாகிவிட்டது. இரவு முழுவதும் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு அந்தக் குறை குறையாகவே தெரியாது. படம் மெதுவானது என்று விமர்சனம் சொல்லலாம். அந்த மெதுவான ஓட்டம் உங்களுக்குப் பிடிக்குமா என்பதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது.

சிறு படங்கள் இன்னொரு எல்லை. பொறுத்திருந்து பார்ப்பது பெரிய படத்துக்குச் சரி. பத்துத் திரையில் வந்து ஒரு வாரத்தில் மறையும் சிறு படத்துக்கு அந்தப் பொறுமையே கொலையாகிவிடும். அவற்றைப் பற்றிப் புகழ்ச்சியும் குறைவு, இகழ்ச்சியும் குறைவு. அங்கே, நீங்கள் முன்பு நம்பி ஏமாறாத ஓரிரு விமர்சகர்களின் பெயரைக் குறித்துவைத்திருப்பதே உதவும்.

ஆனால் கரையோரத்துப் பார்வையாளருக்குத் தொலைவே ஒரு வசதியையும் தருகிறது. முதல் நாள் முதல் காட்சிக்கு அவரால் பெரும்பாலும் போக முடியாது. விளம்பரம் முழு விசையோடு இயங்கும் அந்த மூன்று நாளும் அவர் இயல்பாகவே விலகி நிற்கிறார். அதற்குப் பிறகு காத்திருப்பதற்கு ஆகும் விலையும் அதிகமில்லை. 2024 ஜூலை 12இல் திரைக்கு வந்த 'இந்தியன் 2', ஆகஸ்ட் 9இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. நவம்பர் 14இல் திரைக்கு வந்த 'கங்குவா', டிசம்பர் 8இல் பிரைம் வீடியோவுக்கு வந்தது. இடைவெளி முன்னதற்கு 28 நாள், பின்னதற்கு 24 நாள்.